பதினேழாம் தேதி வரை மட்டும்

என் வேலைக்கு வேறொரு ஆளைத் தேடும் கார்டை நானே என் கையால் எழுதினேன். இந்தக் கொடுமை எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும் என்று தெரியவில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அரியலூரில் ஒரு பெண்கள் நடுநிலைப் பள்ளியில் முதல் மூன்று பாரங்களுக்கு, அதாவது இப்போதைய ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, நான் கணக்கு டீச்சர். சர்க்கார் மானியம் வாங்கும் தனியார் பள்ளிக்கூடம். அதற்கு மேனேஜர் என்று ஒரு மிராசுதார், அவருக்குக் கீழே தலைமையாசிரியை. அந்த அம்மாளை நாங்கள் எல்லோரும் பெரிய டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். எனக்குத் தலைப்பிரசவம் நெருங்கியிருந்தது. மூன்று மாதம் லீவு கேட்டு எழுதிக் கொடுத்திருந்தேன்.

பெரிய டீச்சர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு இரண்டு போஸ்ட் கார்டுகளை மேசைமேல் போட்டார்.

"உன் கையெழுத்துதான் பாக்க லட்சணமா இருக்கும். நான் சொல்றேன், நீ எழுது."

ஒரு கார்டு திருச்சியில் நான் படித்த டிரெயினிங் பள்ளிக்கு. இன்னொன்று ஏலாக்குறிச்சிப் பக்கத்தில் ஒரு மாதா கோயில் சாமியாருக்கு. அந்தப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் பெண்களை டீச்சருக்குப் படிக்க வைத்துவிடுவார்கள். படித்துவிட்டு வேலைக்காகக் காத்திருக்கும் பெண்கள் யார் யார் என்பது சாமியாருக்கு மனப்பாடம். பேப்பரில் விளம்பரம் போடுகிற அளவுக்கு எங்கள் மேனேஜருக்குத் தாராள மனசு கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒரு பதில் டீச்சர் வேண்டுமென்றால் இந்த மாதிரி இரண்டு கார்டோடு சரி.

பெரிய டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். "கணக்கு ஆசிரியை தேவை. முதல், இரண்டாம், மூன்றாம் பாரம். செகண்டரி டிரெயினிங் முடித்திருக்க வேண்டும். தினம் ஒரு ரூபாய், வேலை நாட்களுக்கு மட்டும். ஜனவரி இருபதாம் தேதி முதல் சில மாதங்களுக்கு."

அங்கே என் பேனா நின்றுவிட்டது.

"சில மாதம்னா எத்தனை மாதம் டீச்சர்?"

"உனக்குத் தெரியாதா? நீதானே லீவு கேட்டிருக்க."

"எனக்குத் தெரியும். வரப்போறவளுக்குத் தெரிய வேணாமா?"

"வந்தா சொல்லிக்கலாம். நீ எழுதேன், வளவளன்னு பேசாம."

நான் எழுதினேன். ஆனால் அவர் சொன்னதை எழுதவில்லை. 'ஏப்ரல் பதினேழாம் தேதி வரை மட்டும்' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு, மை காய்வதற்கு முன்பே அவர் முன்னால் நீட்டினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். யுத்த காலத்தில் ஒரு கார்டை அடித்துத் திருத்திப் பாழாக்க அவருக்கும் மனசு வரவில்லை. மேனேஜரின் கையெழுத்துக்கு அனுப்பிவிட்டார்.

அந்தத் தேதியில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எல்லாமே அதில்தான் இருந்தது. பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடும் நாள் ஏப்ரல் பதினெட்டு. மூடுகிற நாளில் யார் வேலையில் இருக்கிறாளோ, ஜூனில் திறக்கிற நாளிலும் வந்து கையெழுத்துப் போடுகிறாளோ, அவளுக்குத்தான் நடுவிலிருக்கிற விடுமுறைச் சம்பளம். என் லீவு பதினேழோடு முடிந்து, பதினெட்டாம் தேதி நான் வந்து நிற்காவிட்டால் சம்பளம் போவது ஒரு பக்கம். லீவு முடிந்தும் வேலைக்கு வரவில்லை என்று மேனேஜர் ஒரு வரி எழுதினால் என் இடமே காலி. அப்போது வேலையில் இருப்பவள் யாரோ அவள் ஜூனில் என் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள்.

மேனேஜர் அப்படிச் செய்வாரா என்றால், செய்யக்கூடிய ஆள்தான். "கல்யாணமான டீச்சருன்னா வருஷத்துக்கு ஒரு லீவு கேப்பா. தினப்படி ஆளுன்னா ஞாயித்துக்கிழமைக்குக்கூட காசு குடுக்க வேணாம்" என்று அவர் சொன்னதாக எங்கள் தையல் டீச்சர் என்னிடம் சொன்னாள். அவள் எதையும் கொஞ்சம் உப்புக்காரம் சேர்த்துத்தான் சொல்வாள். அதற்காக, சொன்னதெல்லாம் பொய் என்று தள்ளிவிட முடியுமா? 'சில மாதங்களுக்கு' என்று பெரிய டீச்சர் சொன்னதை நான் என் காதால் கேட்டேனே.

எங்கள் வீட்டில் அந்த வேலை போனால் அடுப்பு எரியாது. என் வீட்டுக்காரர் பெரம்பலூர் – அரியலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பெட்ரோல் கிடைக்காமல் முதலாளி மற்ற வண்டிகளை ஷெட்டில் நிறுத்திவிட்டு, ஒரே ஒரு வண்டியைக் கரியில் ஓட்டினார். ஒரு வண்டிக்கு எத்தனை கண்டக்டர்? இவருக்கு வேலை போயிற்று. மற்றவன் வராத நாளில் மட்டும் கூப்பிடுவார்கள். மனிதருக்கு அதைப் பற்றித் துளி கவலை கிடையாது. "எல்லாம் சரியாயிடும் டீச்சரம்மா" என்பார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கார்டுக்குப் பதில் போல ஒரு நாள் காலையில் அந்தப் பெண்ணே வந்து நின்றாள். சாமியார் கார்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாராம். திருமானூர் வரை மாட்டு வண்டி, அங்கிருந்து பஸ். என்னைவிட நாலைந்து வயது சின்னவள் இருப்பாள். ஒல்லி, உயரம், கழுத்தில் ஜெபமாலை, கையில் ஆண்பிள்ளைக் குடை. வந்ததும் வராததுமாகப் பெரிய டீச்சரிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். ரூபாயை வாரத்துக்கு ஒரு தடவை கொடுப்பார்களா, கடைசியில் மொத்தமாகவா? சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்கூடம் வைத்தால் அரை ரூபாயா, ஒரு ரூபாயா? இன்ஸ்பெக்டர் வந்து பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டால்?

பெரிய டீச்சருக்கு முகம் சுண்டிப்போயிற்று. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. அவளுக்கு வகுப்பைக் காட்ட நான் கூட்டிக்கொண்டு போனபோது, சுவர் ஓரத்தில் இருந்த பீரோவின் முன்னால் நின்றாள்.

"இதுல என்னங்க இருக்கு டீச்சர்?"

"காம்பஸ், டிவைடர், பெரிய ஸ்கேலு. பிள்ளைங்களுக்கு ஜாமெட்ரி பாடத்துக்கு."

"சாவி எங்கிட்ட குடுத்துட்டுப் போவீங்களா?"

முதல் நாளே பீரோ சாவி கேட்கிறவளை என்னவென்று நினைப்பது? அந்த பீரோ சாவி நாலு வருஷமாக என் முந்தானையில் கிடந்தது. "பெரிய டீச்சருகிட்ட குடுக்கறேன். உங்களுக்கு வேணும்போது வாங்கிக்குங்க" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவள் போலத் தன் பையைத் திறந்து, ஜெபப் புஸ்தகத்துக்குள் பத்திரமாக வைத்திருந்த ஒன்றை எடுத்துப் பார்த்தாள். நான் எழுதிய கார்டு.

"தேதியெல்லாம் இதுல தெளிவா இருக்குங்க. யாரு எழுதினதுன்னு தெரியல, நல்லா எழுதியிருக்காங்க."

"நான்தான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், என் வயிற்றைப் பார்த்தாள், கார்டைத் திரும்பப் புஸ்தகத்துக்குள் செருகினாள். காரியக்காரி என்று அப்போதே முடிவு கட்டினேன். ஒரு போஸ்ட் கார்டைப் பத்திரம் மாதிரி பாதுகாக்கிறவள் சும்மா மூன்று மாதத்துக்கு வந்தவளாக இருக்க மாட்டாள்.

பெரம்பலூரில் என் அம்மா வீட்டில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை நல்ல கனம், நல்ல குரல். என் அம்மா பிரசவ காய மருந்தும் பத்தியச் சோறுமாக என்னைக் கவனித்துக்கொண்டாள். குழந்தையைப் பார்க்கும்போது நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. ஆனால் அது தூங்கின மறுநிமிஷமே என் புத்தி அரியலூருக்குப் போய் அந்த பீரோவின் முன்னால் நின்றுவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தையல் டீச்சர் பிஸ்கட் டப்பாவோடு குழந்தையைப் பார்க்க வந்தாள். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, மூக்கு யார் மாதிரி, காது யார் மாதிரி என்று எல்லாம் பேசி முடித்துவிட்டு, கடைசியில் சாவதானமாகச் சொன்னாள்.

"உன் பீரோ சாவி இப்ப அந்தப் புள்ள இடுப்புலதான் தொங்குது."

"பெரிய டீச்சர் குடுத்தாங்களா?"

"கேட்டு வாங்கிச்சாம். சாயங்காலம் கூட திருப்பித் தர்றதில்ல. தங்கியிருக்கற வூட்டுக்கே எடுத்துட்டுப் போயிடுது."

"பிள்ளைங்க எப்படி இருக்குதுங்க?"

"அதை ஏன் கேக்குற. உன் மூணாம் பாரத்துல அந்த மக்கு இருக்கே, பின்னம்னா அழுவுமே, அதுகூட இப்ப போர்டுல போய் கணக்கு போடுது." குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே இன்னொன்றையும் போட்டாள். "சுவத்துல ஆணி ஒண்ணு அடிச்சு வச்சிருக்கு. குடை மாட்டறதுக்கு."

ஆணி. மூன்று மாதத்துக்கு வந்தவள் எதற்கு ஆணி அடிக்கிறாள்? தையல் டீச்சர் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் வந்ததும் அவரை உட்காரவிடவில்லை.

"நாளைக்கு நீங்க பள்ளிக்கூடத்துப் பக்கம் போய் என்ன ஏதுன்னு பாத்துட்டு வாங்க."

"பொம்பளப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துல நான் போய் எட்டிப் பாத்தா செருப்பாலடிப்பாங்க."

"வாட்ச்மேன் உங்க கூட்டாளிதானே. அவருகிட்ட கேளுங்க."

போனார், கேட்டார், வந்தார். "நல்லா கத்துக் குடுக்குதாம். அதிர்ந்து பேசாதாம். மத்தியானம் சாப்பிடறதுகூட வகுப்புலயேதானாம்" என்றார். ஏதோ நல்ல செய்தி கொண்டுவந்தவர் போல முகம் வேறு.

"பெரிய டீச்சரோட பேச்சு வச்சிக்குதா?"

"தினம் சாயங்காலம் ஆபீஸ் ரூம்ல போய் ஏதோ பேசிட்டுத்தான் போவுமாம்."

"என்ன பேசுது?"

"வாட்ச்மேன் காதுல விழலையாம். உனக்கு வேற வேலையே இல்லையா? புள்ளையைப் பாரு."

அன்றைக்கு அவருக்கும் எனக்கும் பெரிய சண்டை. "நீ ஒருத்தரையும் நம்ப மாட்டே. கட்டின புருஷன் டிக்கெட் குடுத்தாக்கூட தேதி சரியா இருக்கான்னு பாப்பே" என்றார். பார்ப்பேன்தான். எங்கள் கல்யாணத்துக்கு முன்பு நான் அவர் பஸ்ஸில் தினம் போன நாளிலேயே பார்த்தவள்தான். அதில் என்ன தப்பு?

ஏப்ரல் வந்தது. பதினேழாம் தேதியே அரியலூருக்குப் போய்விடலாம் என்று நான் மூட்டை கட்டியபோது என் அம்மா வாசலில் குறுக்கே வந்து நின்றாள். அன்று அமாவாசை. பச்சைக் குழந்தையை அமாவாசையன்று வாசல்படி தாண்ட விடுவார்களா? "நீ படிச்சவ, நீ போ. என் பேத்தி வராது" என்றாள். பால் குடிக்கிற குழந்தையை விட்டுவிட்டு நான் எங்கே போவது? என் வீட்டுக்காரரோ, "காலையில மொத வண்டியில போனா பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்துல இருப்பே. நான் ஓடின ரூட்டு, எனக்குத் தெரியாதா?" என்றார். அவர் சொன்னதில்தான் எனக்குப் பயமே வந்தது.

பதினெட்டாம் தேதி விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். கரி பஸ்ஸைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பஸ்ஸின் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய டிரம். அதில் கரியைக் கொட்டி மூட்டி, கிளீனர் ஒரு கைப்பிடியைப் பிடித்துச் சுற்று சுற்றென்று சுற்றுவான். புகை வந்து, வாயு வந்து, டிரைவருக்குத் திருப்தி வந்த பிறகுதான் வண்டி நகரும். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். அன்று கிளம்பவே நேரமாகிவிட்டது. கிளம்பின வண்டி பாதி வழியில், இரண்டு பக்கமும் பருத்திக் காடும் வெடித்துக் கிடந்த கரிசலும் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், இருமிக்கொண்டே நின்றது.

"அடைச்சுக்கிச்சு" என்றார் என் வீட்டுக்காரர். இவருக்கென்ன, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரைவரோடு சேர்ந்து அடியில் புகுந்துவிட்டார். பழைய உத்தியோகம் கிடைத்த சந்தோஷம். நான் குழந்தையோடு ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தேன். வெயில் ஏறிக்கொண்டே வந்தது. கிளீனர் சுற்றுகிறான், புகை வருகிறது, வண்டி மட்டும் வரவில்லை. பஸ் முதலாளியும் எங்கள் பள்ளிக்கூட மேனேஜரும் தூரத்துப் பங்காளிகள் என்பது அந்த மரத்தடியில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. டிரைவரை உற்றுப் பார்த்தேன். அவர் முகமெல்லாம் கரி. அதில் என்னத்தைக் கண்டுபிடிப்பது?

உச்சி வெயிலில் பருத்தி மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டு வண்டி அரியலூர் ஸ்டேஷனுக்குப் போயிற்று. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அதில் ஏறிவிட்டேன். "ஏய், இந்தா, வண்டி ரெடியாயிடும்" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். "ரெடியானா வாங்க" என்று சொல்லிவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டேன். மாடு அதன் இஷ்டத்துக்கு நடந்தது. நான் அழுதேன். அந்தப் பெண் இந்நேரம் கையெழுத்துப் போட்டிருப்பாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். பெரிய டீச்சர் நோட்டை நீட்டியிருப்பார், அவள் ஜெபமாலையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு குனிந்து போட்டிருப்பாள். என் நாலு வருஷம் அதோடு சரி. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "புள்ளைக்கு ஒடம்பு சரியில்லிங்களாம்மா?" என்று கேட்டார். குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் பின்னால் ஹாரன் சத்தம். கரி பஸ் புகை விட்டுக்கொண்டு வந்தது. படியில் தொங்கிக்கொண்டு என் வீட்டுக்காரர், முகமெல்லாம் கரியும் பல்லுமாக. "நான் சொல்லல?" என்றார். நான் இறங்கி பஸ்ஸில் ஏறினேன்.

பள்ளிக்கூட கேட்டுக்குள் நான் நுழைந்தபோது கடைசி மணிக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு நேரே ஆபீஸ் ரூமுக்கு ஓடினேன். பெரிய டீச்சர் மேசைக்குப் பின்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மேசைமேல் டீச்சர்கள் கையெழுத்துப் போடும் நோட்டு திறந்தபடி கிடந்தது. எதிரே நாற்காலியில் குடையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்.

"வந்துட்டியா" என்றார் பெரிய டீச்சர். அதில் சந்தோஷம் இருந்ததா ஏமாற்றம் இருந்ததா என்று இன்றைக்கு வரை என்னால் சொல்ல முடியவில்லை.

நான் நோட்டைப் பார்த்தேன். கணக்கு டீச்சர் என்ற இடத்தில் அன்றைய கட்டம் வெறுமையாக இருந்தது. காலையும் இல்லை, மத்தியானமும் இல்லை. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"காலையிலேருந்து சொல்றேன்" என்று பெரிய டீச்சர் என்னிடம் முறையிட ஆரம்பித்தார். "அந்தம்மா வரல, வகுப்புல ஆளில்லாம இருக்கக் கூடாது, இன்னிக்கு ஒரு நாள் நீயே போடும்மான்னு. முடியவே முடியாதுன்னுது."

"ஏங்க போடணும்?" அந்தப் பெண் ஜெபப் புஸ்தகத்திலிருந்து கார்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். மூன்று மாதத்தில் அதன் மூலை நாலும் மழுங்கியிருந்தது. "பதினேழாம் தேதி வரை மட்டும்னு இருக்கு. ரெண்டு கோடு வேற போட்டிருக்கு. பதினெட்டாம் தேதி நான் கையெழுத்துப் போட்டா, உன்னை யாரு போடச் சொன்னான்னு நாளைக்குக் கேப்பீங்க. அதைக் காரணம் வச்சு என் சம்பளத்தையும் நிறுத்துவீங்க."

"நான் ஏம்மா நிறுத்தறேன்?"

"மேனேஜர் கையால எழுதிக் குடுங்க, போடறேன்னு காலையிலேயே சொன்னேன். மேனேஜர் ஊர்ல இல்லங்கிறீங்க. அப்ப நான் எப்படி நம்பறது?"

"வகுப்பை மட்டும் பாத்துக்கிட்டியே நாள் பூரா."

"சம்பளம் வாங்க வந்தேன். பணம் சாயங்காலம்தான் வரும்னீங்க. புள்ளைங்க கத்திக்கிட்டு இருந்துச்சு, போய் உக்காந்தேன். உக்கார்றதுக்குக் கையெழுத்து வேணாமே."

நான் பேனாவை எடுத்தேன். வேலையில் சேர்ந்ததாக ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு, பிற்பகல் கட்டத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். காலை அரை நாளைப் பெரிய டீச்சர் என் லீவோடு சேர்த்துக் குறித்துக்கொண்டார். நான் பிற்பகலில் வந்து சேர்ந்ததற்கு அவர் ஆட்சேபம் சொல்லவில்லை. சொல்வார் என்று காத்திருந்தேன்.

பிறகு அந்தப் பெண் என்னை வகுப்புக்குக் கூப்பிட்டாள். பிள்ளைகள் வாசலில் முண்டியடித்துக்கொண்டு என் குழந்தையைப் பார்க்க ஓடிவிட்டார்கள். அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து பீரோவைத் திறந்தாள்.

"எண்ணிப் பாத்துக்குங்க டீச்சர். வந்த அன்னிக்கு எத்தனை இருந்துச்சோ அத்தனையும் இருக்கு. டெய்லி சாயங்காலம் பெரிய டீச்சர் முன்னாடி எண்ணிக் காட்டிட்டுத்தான் வூட்டுக்குப் போவேன்."

"அதுக்குத்தான் தினம் ஆபீஸ் ரூமுக்குப் போனீங்களா?"

"பின்ன? ஒரு காம்பஸ் காணாமப் போனா வெளியூர்க்காரி தலையிலதானே கட்டுவாங்க. சாவியை அங்க வச்சுட்டுப் போனா, யாரு எடுத்தான்னு யாருக்குத் தெரியும்? குடையைக்கூட வெளிய வைக்க மாட்டேன். கண்ணுக்கு முன்னாடி இருக்கட்டும்னு ஆணி அடிச்சேன்."

நான் எண்ணினேன். அவள் பக்கத்திலேயே நின்று என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருக்கிறது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். என்னைப் போலவே ஒருத்தியை என் வாழ்நாளில் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது.

அவள் குடையை எடுத்துக்கொண்டாள். ஆணியைப் பிடுங்கப் பார்த்தாள், வரவில்லை. "இருக்கட்டும்" என்றேன். அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

"இன்னிக்குக் கையெழுத்துப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன ஆயிருக்கும்?"

சொன்னேன். மூடுகிற நாள், திறக்கிற நாள், விடுமுறைச் சம்பளம், மேனேஜர் எழுதக்கூடிய ஒரு வரி, ஜூனில் இந்த நாற்காலி. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தம் இறங்கிப்போனது தெரிந்தது. பெரிய டீச்சர் இதை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொல்லவில்லையா, தினப்படி ஆள் விடுமுறைச் சம்பளம் கேட்டுவிடுவாள் என்று சொல்லவில்லையா? அதை நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கேட்டாலும் அந்த அம்மாள் உண்மை சொல்லியிருக்க மாட்டார்.

"எங்க வூட்ல நான்தாங்க மூத்தவ" என்றாள் அவள், குடைக் கம்பியைப் பார்த்துக்கொண்டு. "ஜூன்ல எங்க போறதுன்னு தெரியல. சாமியாருகிட்ட இன்னொரு கார்டு வந்தாத்தான்."

வெளியே பிள்ளைகள் குழந்தையைக் கொஞ்சும் சத்தமும் என் வீட்டுக்காரர் ஏதோ வேடிக்கை பேசும் சத்தமும் கேட்டன. என்னால் அதோடு விட முடியவில்லை.

"காலையிலேயே தெரிஞ்சிருந்தா போட்டிருப்பீங்களா?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வாசலில் என் குழந்தையின் தலை தெரிந்தது. அதையும் பார்த்தாள்.

"போட்டிருப்பேங்க டீச்சர்" என்றாள்.

அந்த மூன்று மாதத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ சொன்னார்கள். நான் நம்பியது அது ஒன்றைத்தான்.